ஏக்கருக்கு எத்தனை மூட்டை?

காவிரிப் படுகையின் சம்பா விவசாயிகளுக்காக ஒரு துண்டுப் பிரசுரம் தயாராகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு வரி: “ஏக்கருக்கு டி.ஏ.பி. 1 மூட்டை, யூரியா 3 மூட்டை, பொட்டாஷ் 35 கிலோ.” பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. கடைக்காரர் சொல்வதும் ஏறக்குறைய இதுதான், பக்கத்து வயல்காரர் போடுவதும் இதுதான். ஆனால் இந்த வரி பிழையானது. எந்த நூலைப் பார்த்து எழுதினார்களோ அந்த நூல் சொல்லும் அளவைவிட இதில் தழைச்சத்து ஆறில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாக இருக்கிறது. அச்சுக்குப் போகும் முன் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு ஐந்து நிமிடமும் ஒரு கால்குலேட்டரும் போதும்.

சிக்கலின் வேர் எளிமையானது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயிர்ப் பரிந்துரைகள் ஹெக்டேர் கணக்கில் இருக்கின்றன. ஆராய்ச்சித் திடல்களும் புள்ளிவிவரங்களும் ஹெக்டேரில்தான். விவசாயியோ ஏக்கரிலும் சென்ட்டிலும் நினைக்கிறார். டெல்டாவில் மாவிலும் வேலியிலும் நினைக்கிறார். இந்த இரண்டு உலகங்களுக்கும் நடுவே யாரோ ஒருவர் உட்கார்ந்து வகுத்தாக வேண்டும். அவர் உதவி வேளாண்மை அலுவலராக இருக்கலாம், உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் ஊழியராக இருக்கலாம், வேளாண் பக்கத்துக்கு எழுதும் பத்திரிகையாளராகவும் இருக்கலாம்.

வகுக்க வேண்டிய எண் 2.471. ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். ஒரு ஏக்கர் ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். பலர் 2.5 என்று வைத்துக்கொண்டு வகுக்கிறார்கள். அதனால் வரும் வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றேகால் அளவுகூட இல்லை. கையால் உரம் வீசும் வயலில் அது கணக்கிலேயே வராது. நெல்லுக்கு ஹெக்டேருக்கு 12.5 டன் தொழு உரம் என்ற பரிந்துரையை 2.5-ஆல் வகுத்தால் சரியாக 5 டன் வருகிறது, 6.25 டன் பசுந்தாள் உரத்தை வகுத்தால் இரண்டரை டன். ஆக, 2.471-ஆ 2.5-ஆ என்று சண்டை போடுவதில் பயனில்லை. பெரிய பிழைகள் வேறு இடத்தில் ஒளிந்திருக்கின்றன.

சம்பா போன்ற மத்திய, நீண்ட கால ரகங்களுக்குப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை 150:50:50. ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து, 50 கிலோ மணிச்சத்து, 50 கிலோ சாம்பல்சத்து என்பது இதன் பொருள். கவனிக்க வேண்டியது, இவை சத்தின் கிலோக்கள். உரத்தின் கிலோக்கள் அல்ல. 100 கிலோ யூரியாவில் தழைச்சத்து 46 கிலோதான். டி.ஏ.பி.யில் மணிச்சத்து 46 கிலோவும் கூடவே தழைச்சத்து 18 கிலோவும் இருக்கின்றன. பொட்டாஷில் சாம்பல்சத்து 60 கிலோ. சூப்பர் பாஸ்பேட்டில் மணிச்சத்து வெறும் 16 கிலோ.

எனவே புத்தகத்திலிருந்து வயலுக்கு வர இரண்டு படிகள் இறங்க வேண்டும். ஒன்று, ஹெக்டேரை ஏக்கராக்குவது. இன்னொன்று, சத்தை உரமாக்குவது. எதை முதலில் செய்தாலும் விடை ஒன்றே. இரண்டில் ஒன்றை விட்டுவிட்டாலோ, ஒன்றை இரண்டு முறை செய்துவிட்டாலோதான் வினை.

சரிபார்ப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, எழுதியவர் போட்ட கணக்கையே அதே திசையில் திரும்பப் போட்டுப் பார்ப்பது. எழுதியவர் எதை மறந்தாரோ அதையே இவரும் மறக்க வாய்ப்பு அதிகம். அதைவிட நம்பகமான வழி, தலைகீழாகப் போவது. பிரசுரத்தில் இருக்கும் மூட்டையிலிருந்து தொடங்கி, படிப்படியாக மேலே ஏறி, ஹெக்டேருக்கு எத்தனை கிலோ சத்து என்ற எண்ணை அடைய வேண்டும். அந்த எண் புத்தகத்தில் இருக்கும் எண்ணோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

மேலே சொன்ன வரியை அப்படி ஏற்றிப் பார்ப்போம்.

முதலில் மூட்டையைக் கிலோவாக்க வேண்டும். டி.ஏ.பி. மூட்டை 50 கிலோ. யூரியா மூட்டை 50 கிலோ என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள்; 2018 முதல் அது 45 கிலோ. ஆகவே மூன்று மூட்டை யூரியா 135 கிலோ. பொட்டாஷ் கிலோவிலேயே இருக்கிறது, 35.

அடுத்து, உரத்தைச் சத்தாக்க வேண்டும். 135 கிலோ யூரியாவில் தழைச்சத்து 62 கிலோ. 50 கிலோ டி.ஏ.பி.யில் தழைச்சத்து 9 கிலோ, மணிச்சத்து 23 கிலோ. 35 கிலோ பொட்டாஷில் சாம்பல்சத்து 21 கிலோ. ஆக, ஏக்கருக்குத் தழை 71, மணி 23, சாம்பல் 21.

கடைசியாக, ஏக்கரை ஹெக்டேராக்க வேண்டும். மூன்றையும் 2.47-ஆல் பெருக்கினால் தழை 175, மணி 57, சாம்பல் 52.

சாம்பல்சத்து பொருந்திவிட்டது. மணிச்சத்து கொஞ்சம் கூட. 44 கிலோ டி.ஏ.பி. போதும் என்ற இடத்தில் ஒரு முழு மூட்டை என்று எழுதியதால் வந்த வித்தியாசம் அது. மூட்டையைப் பிரிக்காமல் வாங்கும் வசதிக்காக இதை ஏற்றுக்கொள்ளலாம். தழைச்சத்துதான் இடறுகிறது. 150 இருக்க வேண்டிய இடத்தில் 175.

எங்கே நடந்தது இந்தப் பிழை? தழைச்சத்து முழுவதையும் யூரியா மூலமே கொடுப்பதாக இருந்தால் ஏக்கருக்கு 132 கிலோ யூரியா வேண்டும். அது ஏறக்குறைய மூன்று மூட்டை. எழுதியவர் அந்தக் கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கிறார். அதன் பிறகு மணிச்சத்துக்காக டி.ஏ.பி.யைச் சேர்த்திருக்கிறார். டி.ஏ.பி. தன்னோடு தழைச்சத்தையும் கொண்டுவரும் என்பதை யூரியாவில் கழிக்க மறந்துவிட்டார். வயல்வெளிப் பிரசுரங்களில் மிக எளிதாக நுழையக்கூடிய பிழை இது. சூப்பர் பாஸ்பேட் என்று இருந்த பழைய பிரசுரத்தை எடுத்து, அந்த இடத்தில் டி.ஏ.பி. என்று மாற்றி, யூரியா அளவைத் தொடாமல் விட்டாலும் இதேதான் நடக்கும்.

திருத்துவது சுலபம். ஏக்கருக்கு வேண்டிய தழைச்சத்து 60.7 கிலோ. ஒரு மூட்டை டி.ஏ.பி. தரும் 9 கிலோ போக மீதி 51.7 கிலோ. அதை யூரியாவாக்கினால் 112 கிலோ சொச்சம், அதாவது சரியாக இரண்டரை மூட்டை. மூன்று மூட்டை இரண்டரை ஆகிறது. பார்க்க அரை மூட்டைதான். அரசு மானியத்தில் ஒரு மூட்டை யூரியா ரூ.266.50-க்குக் கிடைக்கும்போது அந்த அரை மூட்டை விவசாயியின் பையைக் கடிப்பதில்லை. கடிக்காததால்தான் யாரும் கேள்வி கேட்பதும் இல்லை. விலை வேறு இடத்தில் விழுகிறது. தழைச்சத்து கூடிய சம்பாப் பயிர் கரும்பச்சையாகக் குளிர்ந்து நிற்கும், இலை மென்மையாகும், புகையானும் இலைச் சுருட்டுப்புழுவும் அங்கேதான் முதலில் இறங்கும், குலைநோய்க்கும் அது வழிவிடும். வடகிழக்குப் பருவமழையில் கதிர் பாரமாகும்போது பயிர் சாய்ந்துவிட்டால் அறுவடை இயந்திரத்துக்கு நேரமும் கூடும், வாடகையும் கூடும்.

இதைவிட விசித்திரமான ஒரு பிழையும் உண்டு. அது தன்னைத்தானே மறைத்துக்கொள்ளக் கூடியது என்பதால் சற்று நின்று பார்க்கத் தகுந்தது.

ஒருவர் இரண்டு படிகளையும் மறந்துவிடுகிறார் என்று கொள்வோம். புத்தகத்தில் “தழைச்சத்து 150” என்று இருப்பதைப் பார்த்து, நேராக “ஏக்கருக்கு யூரியா 150 கிலோ” என்று எழுதிவிடுகிறார். ஹெக்டேரை ஏக்கராக்கவில்லை, அதனால் அளவு இரண்டரை மடங்காக ஏறுகிறது. சத்தை உரமாக்கவில்லை, அதனால் அளவு பாதிக்கும் கீழே இறங்குகிறது. ஏற்றமும் இறக்கமும் ஏறக்குறைய ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. சரியான அளவு 132 கிலோ. இவர் எழுதியது 150. இரண்டு பெரிய தவறுகள் சேர்ந்து, ஏழில் ஒரு பங்குக்கும் குறைவான வித்தியாசத்தையே தருகின்றன. அனுபவமுள்ள விவசாயிகூட இந்த எண்ணைப் பார்த்துத் தலையாட்டிவிடுவார்.

டி.ஏ.பி.யிலும் மணிச்சத்து 46 விழுக்காடுதான் என்பதால் அங்கேயும் இதே கதை: 50 என்று எழுதினால் 44-க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. இப்படி இரண்டு உரங்களில் தப்பிப் பிழைத்த பழக்கம் மூன்றாவதில் மாட்டிக்கொள்கிறது. டி.ஏ.பி. கிடைக்காமல் சூப்பர் பாஸ்பேட்டுக்கு மாறும்போது, அதே கையோடு “ஏக்கருக்கு சூப்பர் 50 கிலோ” என்று எழுதினால் என்ன ஆகும்? 50 கிலோ சூப்பரில் மணிச்சத்து 8 கிலோ மட்டுமே. ஹெக்டேருக்கு 20 கிலோகூட வராது. வேண்டியதில் ஐந்தில் இரண்டு பங்குதான் பயிருக்குப் போகிறது. சரியான அளவு ஏக்கருக்கு 126 கிலோ, அதாவது இரண்டரை மூட்டை. மணிச்சத்துக் குறைவு தழைச்சத்துக் குறைவைப் போலச் சீக்கிரம் கண்ணில் படாது. வேர் குறுகும், தூர் குறையும், இலை வெளுக்காமல் மங்கிய கரும்பச்சையாகவே இருக்கும். இலை பச்சையாக இருக்கிறதே என்று விவசாயி நிம்மதியாக இருந்துவிடுவார்.

அதனால்தான் ஒரு பிரசுரத்தில் யூரியாவை மட்டும் சரிபார்த்துவிட்டு மற்றதை நம்பிவிடக் கூடாது. பொட்டாஷையும் சூப்பரையும் தலைகீழாக ஏற்றிப் பார்த்தால், எழுதியவரின் கணக்கு முறையே தெரிந்துவிடும். யூரியாவில் எண் ஓரளவு பொருந்தி, பொட்டாஷிலோ சூப்பரிலோ பொருந்தாமல் போனால், படிகளே தவறியிருக்கின்றன என்று சந்தேகிக்கலாம்.

ஒரே ஒரு படி தவறும்போது எண் அடையாளத்தோடு வரும். ஹெக்டேர் அளவை அப்படியே ஏக்கருக்கு என்று எழுதினால் யூரியா 326 கிலோ, ஏழு மூட்டைக்கு மேல். சம்பாவுக்கு ஓர் ஏக்கரில் ஏழு மூட்டை யூரியா என்றால் எந்த ஊர் விவசாயியும் சிரிப்பார். இந்தப் பிழை பெரும்பாலும் வயலை எட்டாது.

இரண்டு முறை வகுக்கும் பிழை அப்படியல்ல; அது அடக்கமாக வரும். ஒருவர் 150:50:50-ஐ ஏக்கருக்கு மாற்றி 61:20:20 என்று அட்டவணையில் நிரப்புகிறார். ஆனால் அட்டவணையின் தலைப்பில் “கிலோ / ஹெக்டேர்” என்று பழையபடியே இருக்கிறது. அந்த அட்டவணை இன்னொருவர் கைக்குப் போகிறது. அவர் தலைப்பை நம்பி மறுபடியும் 2.47-ஆல் வகுக்கிறார். தழைச்சத்து 25 கிலோவுக்கும் கீழே போய்விடுகிறது. யூரியா ஒரு மூட்டையைக் கொஞ்சம் தாண்டி நிற்கிறது. இந்த எண்ணைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள். “இயற்கை முறைக்கு மாறச் சொல்கிறார்கள் போலிருக்கிறது” என்று நல்லெண்ணத்தோடு எடுத்துக்கொள்ளவும் கூடும். தலைகீழ்க் கணக்கு போட்டால் ஹெக்டேருக்கு 61 என்று வரும். புத்தகத்தின் 150-க்கும் இதற்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ இரண்டரை. விகிதம் இரண்டரைக்கு அருகில் வந்தாலே, பரப்பு மாற்றம் ஒரு முறை விடுபட்டிருக்கிறது அல்லது ஒரு முறை கூடியிருக்கிறது என்று அடித்துச் சொல்லலாம். விகிதம் 2.2 என்று வந்தால் அது யூரியாவின் 46 விழுக்காடு செய்த வேலை. பிழையின் அளவே பிழை நடந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

எல்லாப் பரிந்துரைகளும் ஹெக்டேரில்தான் இருக்கும் என்று நினைப்பதும் ஆபத்து. லூதியானாவில் உள்ள பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் நெல்லுக்கு ஏக்கருக்கு 90 கிலோ யூரியா என்று நேரடியாக ஏக்கரிலும் உரத்திலுமே சொல்கிறது. அது சத்தும் அல்ல, ஹெக்டேரும் அல்ல. அந்த எண்ணுக்கு எந்தப் படியும் தேவையில்லை. வெளிமாநிலக் கட்டுரையையோ காணொலியையோ பார்த்துத் தமிழில் எழுதுகிறவர்கள், கை பழகிய வேகத்தில் அதையும் வகுத்துவிடக் கூடாது. அதே 90 கிலோவைத் தமிழ்நாட்டுச் சம்பாவுக்குச் சொல்லவும் கூடாது. அந்த மண் வேறு, ரகங்கள் வேறு.

நம் பரிந்துரைகளுக்கு உள்ளேயும் கலப்பு உண்டு. 150:50:50-க்கு அடுத்த வரியிலேயே “துத்தநாக சல்பேட் 25 கிலோ” என்றும் “ஜிப்சம் 500 கிலோ” என்றும் இருக்கும். முன்னவை மூன்றும் சத்து. இவை இரண்டும் கடையில் வாங்கும் பொருளின் எடை. துத்தநாக சல்பேட்டுக்குப் பரப்பு மாற்றம் மட்டும் போதும்: ஏக்கருக்கு 10 கிலோ. ஜிப்சம் ஏக்கருக்கு 200 கிலோ. துத்தநாக சல்பேட்டில் துத்தநாகம் எத்தனை விழுக்காடு என்று தேடி, அதையும் வகுத்து, ஏக்கருக்கு 48 கிலோ என்று எழுதிவிட்டால் விவசாயிக்கு வீண் செலவு.

இலைவழித் தெளிப்பு இன்னொரு வகை. கதிர் உருவாகும் தருணத்தில் 1 விழுக்காடு யூரியா, 2 விழுக்காடு டி.ஏ.பி., 1 விழுக்காடு பொட்டாஷ் கலந்த கரைசலைத் தெளிக்கச் சொல்கிறார்கள். இந்த விழுக்காட்டுக்கு ஹெக்டேரும் இல்லை, ஏக்கரும் இல்லை. அதை வகுத்தால் கரைசல் நீர்த்துப்போகும். பெருக்கினால் இலை கருகும். மாறுவது தண்ணீரின் அளவு மட்டும்தான். ஹெக்டேருக்கு 500 லிட்டர் என்றால் ஏக்கருக்கு 200 லிட்டர். அந்த 200 லிட்டரில் யூரியா 2 கிலோ, டி.ஏ.பி. 4 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ.

மண்வள அட்டையைப் பார்த்து எழுதும்போது வேறொரு கண்ணி இருக்கிறது. அட்டையில் “தழைச்சத்து 240” என்பது போல ஓர் எண் இருக்கும். அது மண்ணில் ஏற்கெனவே கிடைக்கக்கூடிய நிலையில் இருக்கும் சத்து, ஹெக்டேருக்குக் கிலோ கணக்கில். 280-க்குக் கீழே இருந்தால் மண்ணில் தழைச்சத்து குறைவு என்று பொருள். இட வேண்டிய அளவு அதுவல்ல. அது தனிக் கட்டத்தில் இருக்கும். இரண்டும் கிலோ, இரண்டும் தழைச்சத்து என்பதால் கண் தவறிவிடும். தவறினால், ஏற்கெனவே இருக்கும் சத்தின் அளவையே இனி போட வேண்டிய உரமாக எழுதிவிடும் விபரீதம் நடக்கும்.

அளவு சரியாகிவிட்டது. இனி நிலத்துக்கு வர வேண்டும். விவசாயி “ஓர் ஏக்கர்” என்று சொல்லும் வயல் உண்மையில் எவ்வளவு? இதற்குச் சிட்டாவைப் பார்ப்பதே நல்லது. தமிழ்நாட்டின் சிட்டாவில் பரப்பு ஹெக்டேரிலும் ஏரிலும் இருக்கிறது. “0 - 40.50” என்றால் ஹெக்டேர் சுழியம், ஏர் நாற்பதரை. நூறு ஏர் ஒரு ஹெக்டேர் என்பதால் இது 0.405 ஹெக்டேர், ஏறக்குறைய சரியாக ஓர் ஏக்கர்.

சிட்டா இங்கே இரண்டாவது சாட்சியாகவும் நிற்கிறது. பரிந்துரையும் ஹெக்டேர், சிட்டாவும் ஹெக்டேர். ஆகவே ஏக்கர் என்ற பேச்சே இல்லாமல் நேராகப் பெருக்கலாம். யூரியா மட்டும் போடுவதாக இருந்தால் ஹெக்டேருக்கு 326 கிலோ, அதை 0.405-ஆல் பெருக்கினால் 132 கிலோ. முன்பு 2.47-ஆல் வகுத்து வந்ததும் இதே 132. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு வழிகள் ஒரே எண்ணில் வந்து சேர்ந்தால், வகுத்தோமா பெருக்கினோமா என்ற சந்தேகம் போய்விடும். வேளாண்மை விரிவாக்க மையங்களில் விவசாயி சிட்டா நகலோடு வந்து நிற்கும்போது, அலுவலர்கள் அவர் கண்முன்னாலேயே செய்து காட்டக்கூடிய கணக்கு இது.

மாவும் குழியும் வழக்கில் உள்ள இடங்களில் இன்னும் ஒரு படி இருக்கிறது. டெல்டாவில் ஒரு மா என்பது 100 குழி, ஏறத்தாழ 33 சென்ட். மூன்று மா ஓர் ஏக்கர் என்றே பேச்சு வழக்கில் கொள்கிறார்கள். உரக் கணக்குக்கு அந்தத் துல்லியம் போதும். ஒரு வேலிக்கு இருபது மா, அதாவது ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல்.

அடுத்து வருவது தவணை. நெல்லுக்குத் தழைச்சத்தையும் சாம்பல்சத்தையும் நான்கு சம பங்காகப் பிரிக்கிறார்கள்: அடியுரமாக ஒன்று, தூர் கட்டும் பருவத்தில் ஒன்று, கதிர் உருவாகும் தருணத்தில் ஒன்று, கதிர் வெளிவரும்போது ஒன்று. மணிச்சத்து முழுவதும் அடியுரத்திலேயே போய்விடும். பிரசுரத்தில் “யூரியா இரண்டரை மூட்டை, அடியுரமாகவும் மூன்று முறை மேலுரமாகவும் இடவும்” என்று இருந்தால், ஒவ்வொரு முறையும் இரண்டரை மூட்டையா என்ற கேள்வி எழும். கேட்கக் கூச்சப்படுகிறவர் தனக்குத் தோன்றியபடி செய்வார். எனவே மொத்தத்தை மட்டும் எழுதாமல் தவணையைக் கிலோவில் எழுத வேண்டும். எழுதிய தவணைகளைக் கூட்டினால் மொத்தம் வர வேண்டும்.

நாம் திருத்திய வரியில் இது எப்படி அமைகிறது என்று பாருங்கள். ஒரு தவணைக்கு வேண்டிய தழைச்சத்து 15.2 கிலோ. அடியுரத்தில் டி.ஏ.பி. 9 கிலோவைத் தந்துவிடுகிறது; மீதி 6.2 கிலோவுக்கு யூரியா பதின்மூன்றரை கிலோ போதும். அடுத்த மூன்று தவணைகளுக்கும் தலா 33 கிலோ. கூட்டினால் நூற்றுப் பன்னிரண்டரை, இரண்டரை மூட்டை. இங்கே டி.ஏ.பி.யை மறந்து நான்கு தவணைக்கும் சமமாக 28 கிலோ என்று பிரித்தால் மொத்தம் சரியாகத்தான் இருக்கும், ஆனால் நட்ட புதிதில் வேர் பிடிக்காத பயிருக்கு அதிகமும் கதிர் உருவாகும் நேரத்தில் குறைவுமாகப் போய்விடும்.

இந்தச் சரிபார்ப்புக்கு ஓர் எல்லை உண்டு. பிரசுரம் புத்தகத்தோடு பொருந்துகிறதா என்பதை மட்டுமே இது சொல்லும். புத்தகத்தின் 150 இந்த வயலுக்குப் பொருந்துமா என்பதைச் சொல்லாது. உயரமாக வளர்ந்து எளிதில் சாயும் வெள்ளைப் பொன்னி போன்ற ரகங்களுக்குத் தழைச்சத்துப் பரிந்துரையே குறைவு. தவறான வரியைப் பார்த்து எழுதினால் கணக்கு சரியாக வந்தும் பயிர் சாயும். ஆகவே தலைகீழாக ஏறி வந்த எண்ணை ஒப்பிடும்போது, எந்த ரகம், எந்தப் பருவம் என்ற வரியோடு ஒப்பிடுகிறோம் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மண் பரிசோதனை முடிவு கையில் இருந்தால் பொதுப் பரிந்துரையை விட்டுவிட்டு அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். மேலுரம் போடும் நாளில் இலை வண்ண அட்டையை வைத்துப் பார்ப்பவருக்கு, பயிருக்கு இப்போது தழைச்சத்து வேண்டுமா வேண்டாமா என்பதை இலையே சொல்லிவிடும்.

இவ்வளவையும் தாண்டி வரும் திருத்திய பிரசுர வரி பழையதைவிடக் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்: “சம்பா நெல், மத்திய மற்றும் நீண்ட கால ரகங்கள், பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்கு 150:50:50. ஓர் ஏக்கருக்கு (100 சென்ட், மூன்று மா) அடியுரம்: டி.ஏ.பி. 50 கிலோ, யூரியா 13.5 கிலோ, பொட்டாஷ் 8.5 கிலோ. மேலுரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் யூரியா 33 கிலோ, பொட்டாஷ் 8.5 கிலோ. டி.ஏ.பி.க்குப் பதில் சூப்பர் பாஸ்பேட் 126 கிலோ இட்டால் அடியுர யூரியாவும் 33 கிலோ.” புத்தகத்தின் மூல எண்ணும் அலகும் அதிலேயே இருப்பதால், அடுத்து எடுத்து எழுதுகிறவர் இரண்டாம் முறை வகுக்க மாட்டார். எடை கிலோவில் இருப்பதால் 45 கிலோ மூட்டையா 50 கிலோ மூட்டையா என்ற குழப்பம் வராது. மேலுரத்தன்று ஒரு மாவுக்கு 11 கிலோ யூரியா என்று வயலில் நிற்பவரே பிரித்துக்கொள்ளலாம். ஒரு சென்ட்டுக்கு 330 கிராம்.